நாலு இழை கணக்கு: கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால்

வளைகாப்பு நெருங்கும்போது கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குக் குங்குமப்பூ டப்பாக்கள் வரத் தொடங்கும். காஷ்மீர் சுற்றுலா போய் வந்த பெரியப்பா ஒன்று தருவார், துபாயிலிருந்து வந்த மச்சினர் ஒன்று தருவார். பெட்டிக்குள் இருப்பது உண்மையில் குங்குமப்பூதானா, அதில் எத்தனை இழையைப் பாலில் போடுவது, போட்டால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

1. நிறம் பற்றிய பேச்சை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

குழந்தையின் தோல் நிறத்தை முடிவு செய்வது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபணுக்கள். தோலில் மெலனின் என்னும் நிறமி எவ்வளவு உண்டாக வேண்டும் என்பது அந்த மரபணுக்களில் இருக்கிறது. குங்குமப்பூவின் சிவப்பு 'குரோசின்' என்ற பொருளால் வருவது. அது குடலிலேயே சிதைந்து வேறு பொருளாகிவிடுகிறது. மெலனின் கணக்கை மாற்றும் வேலை எதையும் அது செய்வதில்லை.

"எங்க மருமக குடிச்சா, பிள்ளை சிவப்பா பொறந்துச்சே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பிறந்தவுடன் பல குழந்தைகள் சிவந்தும் வெளுத்தும்தான் இருக்கும். மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம் வெளியே தெரியும். மெலனின் சிறிது சிறிதாகக் கூடி, சொந்த நிறம் நிலைக்கச் சில மாதங்கள் ஆகும். குங்குமப்பூவே பார்க்காத தாயின் குழந்தைக்கும் இதுதான் நடக்கும். பிரசவ அறையில் பார்த்த நிறத்துக்குப் பாலைக் காரணம் காட்டுகிறோம். ஆறு மாதம் கழித்து நிறம் மாறினால் "வெயிலில் காட்டியதுதான்" என்று தாய் மீது பழி போடுகிறோம்.

2. சிட்டிகை வேண்டாம், எண்ணிப் போடுங்கள்.

ஒருவர் கை சிட்டிகையில் ஐந்து இழை வரும், இன்னொருவர் கையில் இருபது வரும். மிளகாய்த்தூளுக்குச் சரிப்படும் அளவு இதற்குச் சரிப்படாது. நல்ல வேளையாக இது எண்ணக்கூடிய பொருள். ஒரு பூவுக்கு மூன்று சூல்முடி இழைகள்தான் உண்டு. ஏறக்குறைய 150 பூக்களின் இழைகள் காய்ந்து சேர்ந்தால்தான் ஒரு கிராம். அப்படியானால் ஒரு கிராம் டப்பாவில் சுமார் 450 இழைகள், ஓர் இழையின் எடை தோராயமாக 2 மில்லிகிராம்.

இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நீங்களே எடை போடலாம். ஒரு தம்ளர் பாலுக்கு நாலைந்து இழை என்றால் பத்து மில்லிகிராம் அளவுதான். மணமும் நிறமும் தர அது தாராளம். ஒரு நாளைக்கு ஒரு தம்ளர் போதும். தினமும் குடித்தால்கூட ஒரு கிராம் டப்பா மூன்று மாதம் தாண்டும். விலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும் இது ஆறுதல். 400 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு கிராமில் ஒரு தம்ளருக்கு நாலு ரூபாய்தான் ஆகிறது.

தூளாக விற்பதை வாங்காதீர்கள். எண்ண முடியாது என்பது ஒரு காரணம். அதற்குள் வேறென்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது என்பது இன்னொன்று.

3. நன்மை எது என்று பிரித்துப் பாருங்கள்.

200 மில்லி பாலில் ஏறத்தாழ ஆறேழு கிராம் புரதமும் 240 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். குங்குமப்பூப் பாலின் பலனில் பெரும்பங்கு பாலுடையதுதான். குங்குமப்பூ தருவது மணமும் சுவையும். பால் வாடையே பிடிக்காத கர்ப்பிணி இந்த மணத்துக்காகக் குடித்துவிடுகிறாள் என்றால், அதுவே பெரிய லாபம்.

மனச்சோர்வுக்குக் குங்குமப்பூ உதவுகிறது என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அப்படிச் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, கர்ப்பிணி அல்லாதவர்களிடம் செய்யப்பட்டவை. தினம் 30 மில்லிகிராம் அளவில், மாத்திரை வடிவில், வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்தவை. நம் நாலு இழை அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குகூட எட்டாது. மனம் மிகவும் சோர்ந்திருக்கிறது, தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது என்றால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். பாலில் இழையைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது.

4. எது அதிகம், எப்போது ஆபத்து?

அளவு மீறினால் குங்குமப்பூ கருப்பையைச் சுருங்கத் தூண்டும் என்பது பழைய வைத்தியமும் புதிய மருத்துவமும் ஒப்புக்கொள்ளும் செய்தி. ஈரானில் பிரசவத் தேதியை எட்டிய பெண்களுக்கு 250 மில்லிகிராம் குங்குமப்பூ மாத்திரை கொடுத்து, கருப்பை வாய் இளகுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள், இளகியிருக்கிறது. நம் கணக்கில் அது 125 இழை. ஐந்து கிராம், அதாவது ஐந்து டப்பாவை ஒரேயடியாகச் சாப்பிடுவது யாருக்குமே நஞ்சாகும் அளவு. இவற்றுக்குப் பக்கத்தில் நாலு இழையை வைத்தால் பயப்பட ஒன்றுமில்லை என்பது புரியும்.

ஆனால் கர்ப்ப காலத்துக்கென்று "இதுவரை பாதுகாப்பு" என வரையறுக்கப்பட்ட அளவு கிடையாது. அதனால் உணவில் சேர்க்கும் அளவோடு நின்றுவிடுவதுதான் சரி. முதல் மூன்று மாதம் தவிர்த்துவிட்டு நான்காம், ஐந்தாம் மாதத்தில் தொடங்கும் நம் வீட்டு வழக்கம் நல்ல வழக்கம்தான், மாற்ற வேண்டாம். ரத்தப்போக்கு இருந்தவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் அல்லது ஊசி போட்டுக்கொள்பவர்கள், ரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

"தேதி தாண்டிடுச்சு, கொஞ்சம் தாராளமா போட்டு ஒரு கஷாயம் வெச்சுக் குடுத்தா வலி எடுத்துடும்" என்ற யோசனை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மறுத்துவிடுங்கள். மருத்துவமனையில் வலி வரவழைக்கும்போது குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே செய்வார்கள். அடுப்படியில் அதைப் பார்க்க ஆள் இல்லை.

5. டப்பாவைத் திறந்ததும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்புக்கு வந்த மூன்று குங்குமப்பூவை வரிசையாக வைத்துப் பார்த்தோம். அதையே இங்கே சொல்கிறேன், செய்முறை எளிதில் புரியும். மூன்று வெள்ளைக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் நாலு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர், ஒவ்வொன்றிலும் மூன்று இழை. வெள்ளைக் கிண்ணம் இருந்தால்தான் நிறம் சரியாகத் தெரியும்.

முதலாவது காஷ்மீரிலிருந்து வந்தது. காய்ந்து, விறைப்பாக, கருஞ்சிவப்பாக இருந்தது. தண்ணீரில் போட்டதும் உடனே ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் இழையைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கசிந்தது. கால் மணி நேரத்தில் கிண்ணம் பொன்மஞ்சளானது, இழை அப்போதும் சிவப்பாகவே இருந்தது. ஊறியபின் ஒரு முனை எக்காளம்போல் விரிந்து, விளிம்பு பிசிறுபிசிறாகத் தெரிந்தது. அதுதான் சூல்முடியின் இயற்கையான வடிவம். அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினோம், மறுபடியும் மஞ்சள் கசிந்தது.

இரண்டாவது துபாயிலிருந்து வந்தது. இழைகளில் பாதி சிவப்பு, அடிப்பகுதி வெளிர்மஞ்சள். "இது கலப்படமா அத்தை?" என்று அவள் கேட்டாள். கலப்படம் இல்லை, தரம் ஒரு படி குறைவு, அவ்வளவுதான். சூல்முடிக்குக் கீழே இருக்கும் மஞ்சள் தண்டை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். காஷ்மீரில் சிவப்பு முனையை மட்டும் பிரித்தெடுத்ததை 'மோங்ரா' என்றும், தண்டோடு சேர்ந்ததை 'லச்சா' என்றும் சொல்வார்கள். மஞ்சள் தண்டில் நிறமும் மணமும் அதிகம் இருக்காது, எடைதான் கூடும். மோங்ரா விலைக்கு லச்சா வாங்கினால்தான் ஏமாற்றம்.

மூன்றாவது காகிதப் பொட்டலத்தில் உதிரியாக வந்தது. நிறம் ஆரஞ்சுச் சிவப்பு. தண்ணீரில் போட்ட அரை நிமிடத்துக்குள் குபீரென்று சிவப்பு ஓடியது, இழை வெளுத்துப்போனது. ஊறியபின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எக்காளம் இல்லை. மெல்லிய குழாய், நுனியில் ஐந்து பிரிவாகக் கிழிந்திருந்தது. நான் ஓர் இழையை நாக்கில் வைத்துப் பார்த்தேன், இனித்தது. உண்மையான குங்குமப்பூ கசக்கும், மணம்தான் தேன்போல இருக்கும். இனித்தால் எடைக்காகச் சர்க்கரைப் பாகிலோ தேனிலோ நனைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த நாக்குச் சோதனையைக் கர்ப்பிணியைச் செய்யச் சொல்லாதீர்கள், வீட்டில் வேறு யாராவது செய்து துப்பிவிடுங்கள். டிஷ்யூ காகிதத்தில் வைத்து அழுத்தினோம், எண்ணெய்க் கறையும் விழுந்தது.

சமையல் சோடா போட்டால் தெரியும், வினிகர் விட்டால் தெரியும் என்று சுற்றும் காணொளிகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். தண்ணீர், நேரம், வடிவம், சுவை ஆகிய நான்கும் சேர்ந்து சொல்வதே வீட்டளவில் போதுமானது.

6. கலந்திருப்பது என்ன என்பதும் முக்கியம்.

அந்த மூன்றாவது பொட்டலத்தில் இருந்தது குசும்பா பூவின் இதழ்கள். குசும்பா எண்ணெய் எடுக்கிறோமே, அந்தச் செடிதான். மலிவானது என்பதால் சாயம் ஏற்றிக் குங்குமப்பூ என்று விற்கிறார்கள். பணம் போனதோடு முடியும் ஏமாற்று இல்லை இது. சீன வைத்தியத்தில் மாதவிலக்கை வரவழைக்கப் பயன்படுத்தும் பூ இது, கர்ப்பிணிகளுக்கு அங்கே விலக்கப்பட்டது. 'குங்குமப்பூதானே' என்று நினைத்து அதைத் தினமும் கொடுத்தால், நாலு இழை கணக்குக்கு அர்த்தமே இல்லை.

மக்காச்சோளக் கதிரின் நாரைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துத் தார்ச் சாயம் ஏற்றி விற்பது இன்னொரு பழைய வித்தை. சாமந்தி இதழ், நறுக்கிய காகிதம், குங்குமப்பூவின் சொந்த மகரந்தத் தாள்களுக்கே சிவப்புச் சாயம் பூசியது என்று பட்டியல் நீளும். சோள நாரும் காகிதமும் வயிற்றுக்குள் போய்ப் பெரிய தீங்கு செய்யாது. சாயம்தான் கவலை, ஏனென்றால் அது உணவுக்கு அனுமதித்த சாயமா, துணிக்குப் போடும் சாயமா என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை.

7. வாங்கும்போது பார்க்க வேண்டியவை.

சீல் வைத்த டப்பா, தயாரிப்பாளர் முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண், பேக் செய்த தேதி. காஷ்மீரில் அறுவடை அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை நடக்கும், எனவே புதுச் சரக்கு அதற்குப் பிறகுதான் கடைக்கு வரும். காஷ்மீர்க் குங்குமப்பூவுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரை டப்பாவில் இருந்தால் நல்லது. 'ஐ.எஸ்.ஓ. 3632' என்று போட்டிருந்தால் பக்கத்தில் நிறச் செறிவு எண்ணையும் தேடுங்கள். 200க்கு மேல் முதல் தரம், 170 இரண்டாம் தரம், 120 மூன்றாம் தரம். எண்ணே இல்லாமல் வெறும் பெயரை மட்டும் போட்டிருந்தால் அது விளம்பரம்.

உலகில் விளையும் குங்குமப்பூவில் மிகப் பெரும்பகுதி ஈரானுடையது. அது தாழ்ந்த சரக்கு இல்லை. ஈரான் சரக்கைக் காஷ்மீர் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

சாயம் கொஞ்சமாகத் தூவிய உண்மையான குங்குமப்பூவை நம் கிண்ணச் சோதனையால் பிடிக்க முடியாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டும். கிராம் 100 ரூபாய்க்கு 'அசல்' என்று யாராவது நீட்டினால் மட்டும் சோதனையே தேவையில்லை. 150 பூவைக் கையால் பறித்து, கையால் இழை பிரிக்கும் கூலியை நினைத்துப் பாருங்கள்.

8. பால் தயாரிக்கும் விதம்.

பால் பொங்கும்போது இழையைத் தூக்கிப் போடுவதுதான் பலர் வீட்டு வழக்கம். மணம் தரும் பொருள் ஆவியாகக்கூடியது, கொதியில் பாதி பறந்துவிடும். நாலைந்து இழையைச் சின்ன உரலில் லேசாக நுணுக்கி, இரண்டு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். நிறப்பொருள் தண்ணீரில் நன்றாகக் கரையும், கொழுப்பில் கரையாது. பாலைத் தனியாகக் காய்ச்சி, அடுப்பை அணைத்துவிட்டு, குடிக்கும் சூட்டுக்கு வந்தபின் ஊறலை இழையோடு சேர்த்து ஊற்றிக் கலக்குங்கள்.

கறந்த பால் நல்லது என்று காய்ச்சாமல் கொடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் பச்சைப் பால் கூடவே கூடாது. அதில் வரும் சில கிருமிகள் தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலைத் தந்துவிட்டுக் கருவுக்குப் பெரிய கேடு செய்யும்.

9. இரும்புச்சத்து மாத்திரையோடு இந்தப் பாலைச் சேர்க்காதீர்கள்.

இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் மாத்திரையை வாயில் போட்டு, குங்குமப்பூப் பாலால் விழுங்குவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து, இரும்பைக் குடல் உறிஞ்சுவதைத் தடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டும் ரத்த அளவு ஏறவில்லை என்பவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

மாத்திரைக்கும் பாலுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாறோடு இரும்பு மாத்திரை, ராத்திரி பால் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. கால்சியம் மாத்திரையையும் இரும்போடு சேர்த்துப் போடக் கூடாது. காபி, டீ விஷயமும் அப்படியே.

10. சர்க்கரையைக் கணக்கில் சேருங்கள்.

கர்ப்ப காலச் சர்க்கரை நோய் நம் ஊரில் அதிகம். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் 140 அல்லது அதற்கு மேல் வந்தவர்கள் குங்குமப்பூப் பாலை நிறுத்த வேண்டியதில்லை, அதில் போடும் இரண்டு கரண்டிச் சர்க்கரையை நிறுத்தினால் போதும். ஏலக்காய் ஒன்றைத் தட்டிப் போடுங்கள், இனிப்பு இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. வெல்லமும் பனங்கற்கண்டும் தேனும் சர்க்கரையின் உறவினர்கள்தான்.

கடையில் விற்கும் 'கேசர் பாதாம்' பால் பொடியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் அதிகம் இருப்பது முதலில் வரும். பெரும்பாலும் அங்கே சர்க்கரை இருக்கும், குங்குமப்பூ கடைசி வரியில் இருக்கும். 102, 110 என்ற எண்கள் தென்பட்டால் மஞ்சள் நிறம் செயற்கைச் சாயத்திலிருந்து வந்தது.

11. காற்று, வெளிச்சம், ஈரம் மூன்றும் ஆகாது.

கடையில் தரும் பளிங்கு டப்பா பார்க்க அழகு, வைக்க உதவாது. இறுக மூடும் சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, இருட்டான அலமாரியில் வையுங்கள். அடுப்பு மேடைக்கு மேலே வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்துத் தினமும் எடுத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். ஈரக் கையால் எடுப்பதும் அதே விளைவைத் தரும்.

12. போலி என்று தெரிந்தால்.

தூக்கி எறியாதீர்கள். பிரிக்காத டப்பா இன்னொன்று இருந்தால் அப்படியே வைத்து, ரசீதோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்கிய பொருளைக் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கும் உரிமையை வாடிக்கையாளருக்கே தருகிறது. கலப்படம் என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். ரசீது இல்லாமல் வாங்கிய உதிரிப் பொட்டலத்துக்கு இந்த வழி கடினம். உதிரியாக வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.